மணிக்கணக்காக நிற்காத விக்கல்: எதை முதலில் செய்வது, எப்போது மருத்துவரிடம் செல்வது

சாப்பிட்டவுடன் வந்து பத்து நிமிடத்தில் தானாக நின்றுவிடும் விக்கலுக்கு வழிகாட்டி தேவையில்லை. காலையில் தொடங்கி மாலை வரை நீடித்து, சாப்பிடவும் பேசவும் தூங்கவும் விடாத விக்கலைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். பினாங்கில் சிறுநீரக நோயாளிகளுக்கான இரத்தச் சுத்திகரிப்பு மையத்தில் தாதியாகப் பணிபுரிவதால் இத்தகைய விக்கலை அடிக்கடி பார்க்கிறேன். வீட்டில் எல்லா வைத்தியத்தையும் ஒரே நேரத்தில் செய்து பார்த்துவிட்டு, எது எப்போது தொடங்கியது என்று சொல்லத் தெரியாமல் வந்து நிற்கும் குடும்பங்களையும் பார்க்கிறேன். ஆகவே, வரிசையைத்தான் இதில் வலியுறுத்துகிறேன்.

1. இந்தப் படிகள் யாருக்குப் பொருந்தா என்று முதலில் பாருங்கள்

நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையில் உள்ள உதரவிதானம் என்னும் தசை திடீரென்று சுருங்கி, உள்ளே இழுக்கப்படும் காற்றைக் குரல்வளை சட்டென்று மூடித் தடுக்கும்போது எழும் ஒலியே விக்கல். இந்தத் தசையை இயக்கும் நரம்புகள் மூளைத்தண்டிலிருந்தும் கழுத்திலிருந்தும் புறப்பட்டு, நெஞ்சின் வழியாக வயிறு வரை செல்கின்றன. அந்தப் பாதையில் எங்கே உறுத்தல் ஏற்பட்டாலும் விக்கல் வரலாம். பெரும்பாலும் உறுத்தல் இருக்குமிடம் வயிறுதான். ஆனால் எப்போதும் அல்ல.

எனவே, தண்ணீர்க் குவளையைக் கையில் எடுப்பதற்கு முன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். நெஞ்சு வலியோ, மூச்சுத் திணறலோ, காரணமில்லாத குளிர்ந்த வியர்வையோ இருக்கிறதா? தலைச்சுற்றல், நடையில் தள்ளாட்டம், குரல் கரகரப்பு, விழுங்குவதில் சிரமம், முகத்தின் ஒரு பக்கத்தில் மரத்துப்போன உணர்வு ஆகியவற்றில் ஏதேனும் புதிதாக வந்திருக்கிறதா? வாந்தியில் இரத்தமோ, தாங்க முடியாத வயிற்று வலியோ உண்டா? விக்கல் வந்தவர் சிறுநீரகம் செயலிழந்தவரா?

முதல் மூன்றில் ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் 999-ஐ அழையுங்கள் அல்லது நேரே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். நான்காவது கேள்விக்கு ‘ஆம்’ என்றால் எட்டாம் பகுதியை முதலில் படியுங்கள்.

இரண்டாவது கேள்வியைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். பக்கவாதம் என்றால் கையும் காலும் விழுந்துவிடும், வாய் கோணிவிடும் என்றே நாம் அறிந்திருக்கிறோம். மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியில் இரத்த ஓட்டம் தடைப்படும்போது கை கால்களில் வலுக்குறைவே தெரியாமல், விக்கலும் தள்ளாட்டமும் விழுங்க முடியாமையும் மட்டும் தோன்றுவது உண்டு. அதேபோல நீரிழிவு உள்ளவர்களுக்கு மாரடைப்பு வலியே இல்லாமல் வரக்கூடும். அரிதாக அது விக்கலாகவும் வெளிப்படும்.

2. கைவசம் வைக்க வேண்டியவை

ஒரு கடிகாரம், ஒரு தாள், குளிர்ந்த நீர், ஒரு தேக்கரண்டி சர்க்கரை, நோயாளி தற்போது உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தும். இவற்றுள் தாளே முக்கியமானது.

விக்கல் தொடங்கிய நேரம், நிமிடத்திற்கு எத்தனை முறை வருகிறது, தொடங்குவதற்கு முன் என்ன சாப்பிட்டார், என்ன குடித்தார், கடந்த ஒரு வாரத்தில் புதிதாக எந்த மருந்தோ ஊசியோ எடுத்தார் என்பவற்றை எழுதுங்கள். நிமிடக் கணக்கைக் குறிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நிமிடத்திற்கு இருபதாக இருந்தது ஐந்தாகக் குறைந்தால் முன்னேற்றம் தெரியும். கணக்கில்லாவிட்டால், விக்கல் முற்றிலும் நிற்கும் வரை ‘ஒன்றும் பலிக்கவில்லை’ என்றே தோன்றும், பலித்துக்கொண்டிருக்கும் முறையைக் கைவிட்டு வேறொன்றுக்குத் தாவுவோம்.

3. வயிற்றை முதலில் அடக்குங்கள்

வயிறு உப்பியிருக்கும் வரை மூச்சை அடக்கினாலும் சர்க்கரையை விழுங்கினாலும் விக்கல் சற்று நின்று மீண்டும் வரும். அதனால் உறுத்தலைக் குறைப்பதே முதல் படி.

சாப்பிடுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து உட்காருங்கள். இடுப்பு வாரையோ இறுக்கமான கைலிக் கட்டையோ தளர்த்துங்கள். அடுத்த சில மணி நேரத்திற்குக் காரம், மது, சிகரெட், காற்றடைத்த பானம் எதுவும் வேண்டாம். சூடான தே தாரிக்கைக் குடித்த கையோடு ஐஸ் போட்ட பானத்தை ஊற்றிக்கொள்வது போன்ற திடீர் வெப்ப மாற்றமும் விக்கலைத் தூண்டக்கூடியது.

நம் ஊரில் நான் மிக அதிகமாகக் காணும் தவறு, ‘ஒரு சோடா குடித்து ஏப்பம் விட்டால் சரியாகிவிடும்’ என்பது. ஏப்பம் வருவதற்கு முன் அந்த வாயு வயிற்றை மேலும் விரிக்கிறது. விரிந்த வயிறு உதரவிதானத்தை நெருக்குகிறது. ஏப்பம் வந்தபின் கிடைக்கும் ஆறுதல் சில நிமிடங்களுக்கே.

நெஞ்செரிச்சலோ புளித்த ஏப்பமோ சேர்ந்திருந்தால், அமிலம் மேலேறி உணவுக் குழாயை உறுத்துவதே காரணமாக இருக்கலாம். பார்மசியில் மருந்தாளரிடம் மற்ற மருந்துகளைச் சொல்லிவிட்டு அமில எதிர்ப்பு மருந்து ஒரு வேளை வாங்கிக் குடிக்கலாம். சாப்பிட்டபின் மூன்று மணி நேரமாவது படுக்காமல் இருப்பதும் உதவும்.

அரை மணி நேரம் இப்படி இருந்த பிறகு அடுத்த படிக்குச் செல்லுங்கள்.

4. மூச்சை அடக்கும் முறை: மூன்று அடுக்காகச் செய்ய வேண்டும்

மூச்சை அடக்குவது எல்லாருக்கும் தெரிந்த வைத்தியந்தான், ஆனால் பெரும்பாலோர் அதைப் பாதியில் விட்டுவிடுகிறார்கள். நன்றாகச் செய்தால் இரண்டு வகையில் உதவுகிறது. இரத்தத்தில் கரியமில வாயு கூடும்போது விக்கலைத் தூண்டும் அனிச்சைச் செயல் தணிகிறது. முழுவதும் விரிந்த நுரையீரல் உதரவிதானத்தைக் கீழே அழுத்தி, சுருங்க இடமில்லாமல் வைத்திருக்கிறது.

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, உள்ளிருக்கும் காற்றை முழுவதும் வெளியே விடுங்கள். பிறகு முடிந்த அளவு ஆழமாக உள்ளிழுத்து, 10 விநாடி அடக்குங்கள். இப்போது காற்றைச் சிறிதும் வெளியே விடாமல், அதன் மேலேயே இன்னும் கொஞ்சம் உள்ளிழுத்து 5 விநாடி அடக்குங்கள். மூன்றாவதாக மேலும் ஒரு சிறு மூச்சை இழுத்து மறுபடி 5 விநாடி. பின்னர் மெதுவாக வெளியே விடுங்கள்.

இரண்டாவது மூச்சுக்கு முன் காற்றை வெளியே விட்டுவிடுவதே வழக்கமான பிழை. ‘இனி இடமில்லை’ என்று தோன்றும் அந்த நிலையில் இழுக்கும் கடைசிச் சிறு மூச்சுதான் உதரவிதானத்தை நீட்டிப் பிடிக்கிறது; அதை விட்டுவிட்டால் இது சாதாரண மூச்சடக்கலாகிவிடும். நடுவில் ஒரு விக்கல் வந்துவிட்டால் அங்கிருந்து தொடர வேண்டாம். இயல்பாகச் சில முறை மூச்சுவிட்டு, முதலிலிருந்து தொடங்குங்கள். இடைவெளி விட்டு மூன்று முறை செய்தால் போதும். தலை கிறுகிறுத்தால் நிறுத்திவிடுங்கள்.

நாட்பட்ட நுரையீரல் நோய், இதய நோய் உள்ளவர்களும், கர்ப்பிணிகளும் இந்தப் படியை விட்டு அடுத்ததற்குச் செல்லலாம். மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு முக்குவதும் சிலருக்குப் பலன் தரும். எனினும் அண்மையில் கண் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் இரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்களும் அதை முயலக் கூடாது.

5. தொண்டையை வேலை வாங்கும் முறை

மூச்சு முறை பலிக்கவில்லையென்றால் தொண்டைக்கு வாருங்கள். மூளைத்தண்டிலிருந்து வயிறு வரை செல்லும் வேகஸ் என்னும் நரம்பின் கிளைகள் தொண்டையின் பின்பகுதியில் உள்ளன. அங்கே ஒரு வலுவான புதிய தூண்டலைக் கொடுத்தால் விக்கலின் சுழற்சி அறுபடக்கூடும்.

குளிர்ந்த நீரை ஒரு குவளையில் எடுத்து, நடுவில் மூச்சுவிடாமல் சிறு சிறு மிடறாகத் தொடர்ந்து விழுங்குங்கள். அப்போது வேறொருவர் பின்னால் நின்று, காதுத் துவாரத்திற்கு முன்னால் இருக்கும் சிறு மடலை இரு பக்கமும் மெல்ல அழுத்திக் காதை மூடிப் பிடிக்கலாம். வேகஸ் நரம்பின் ஒரு கிளை காதுக் குழாய்க்கும் செல்கிறது என்பதால்தான் இந்தப் பாட்டி வைத்தியத்திற்கு ஓர் அடிப்படை உண்டு. விரலைக் காதுக்குள் நுழைக்க வேண்டாம்.

அடுத்தது சர்க்கரை. ஒரு தேக்கரண்டி உலர்ந்த வெள்ளைச் சர்க்கரையை நாக்கின் பின்பகுதியில் வைத்து, கரைய விடாமல் விழுங்க வேண்டும். பலன் தருவது இனிப்பன்று, மணிகளின் கரகரப்பு தொண்டையை உரசுவது என்றே கருதப்படுகிறது. ஆகவே சர்க்கரை கரைத்த நீரோ, கெட்டிப்பால் ஊற்றிய தேநீரோ இதற்கு ஈடாகாது. ஒரு தேக்கரண்டியில் ஏறக்குறைய 4 கிராம் சர்க்கரை இருக்கும். நீரிழிவு உள்ளவர் ஒரு முறை எடுத்துக்கொள்வதில் பெரிய கேடில்லை. மணிக்கொரு முறை கொடுத்துக்கொண்டிருப்பதுதான் கேடு. அவர்களுக்கு ஓர் எலுமிச்சைத் துண்டைக் கடிக்கக் கொடுக்கலாம்.

முன்பு பக்கவாதம் வந்தவர்களுக்கும், சாப்பிடும்போது புரையேறும் பழக்கமுள்ள முதியவர்களுக்கும் இந்தப் பகுதியில் உள்ள எதையும் செய்யாதீர்கள். விக்கலின்போது குரல்வளை திறந்து மூடுவது தாளம் தவறியிருக்கும். நீரோ சர்க்கரையோ நுரையீரலுக்குள் போய்விடலாம்.

6. செய்யவே கூடாதவை

மூடிய கண்களின் மீது விரலால் அழுத்துவதும், கழுத்தின் பக்கவாட்டில் துடிக்கும் இரத்தக் குழாயைத் தேய்ப்பதும் விக்கலை நிறுத்தும் என்று பலர் சொல்வார்கள். இரண்டும் இதயத் துடிப்பை ஆபத்தான அளவுக்குக் குறைக்கக்கூடும். கழுத்தைத் தேய்ப்பதால் முதியவர்களுக்குப் பக்கவாதமே வந்துவிடலாம். திடீரென்று பயமுறுத்துவது இதய நோயாளியிடம் செய்யும் விளையாட்டன்று. தலையைக் கீழே தொங்கவிட்டு நீர் குடிப்பது புரையேறுவதற்கான வழி.

கைக்குழந்தைகளுக்கு விக்கல் இயல்பானது. உச்சியில் ஈர நூலை ஒட்டுவதால் தீங்கில்லை. ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்குத் தண்ணீர் புகட்டுவது மட்டும் வேண்டாம். பால் கொடுத்து ஏப்பம் விட வைத்தால் போதும்.

இன்னொன்று, வீட்டில் யாருக்கோ முதுகுப் பிடிப்புக்குக் கொடுத்து மிச்சமிருக்கும் மாத்திரை. தசையைத் தளர்த்தும் பேக்லோபென் என்னும் அந்த மருந்தை மருத்துவர்கள் விடாத விக்கலுக்கும் கொடுப்பது உண்மைதான். ஆனால் அது சிறுநீரகம் வழியாக வெளியேற வேண்டிய மருந்து. சிறுநீரகம் பழுதடைந்தவரின் உடலில் அது தேங்கி, குறைந்த அளவிலேயே மயக்கத்திலும் குழப்பத்திலும் ஆழ்த்திவிடும்.

7. இரவைக் கவனியுங்கள், பிறகு 48 மணி நேரக் கணக்கு

படிகளை ஒரு சுற்று முடித்தபின் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்க வேண்டாம். தொண்டை புண்ணாகும், வயிறு மீண்டும் உப்பும், நோயாளி களைத்துவிடுவார். நான்கைந்து மணி நேரம் கழித்து இன்னொரு சுற்று முயலலாம். இரவில் தலைப்பக்கத்தை உயர்த்திப் படுக்க வைத்து, தூக்கத்தில் விக்கல் நிற்கிறதா, தொடர்கிறதா என்று ஒரு முறை பார்த்துத் தாளில் குறியுங்கள். ஆழ்ந்த தூக்கத்திலும் தொடரும் விக்கலுக்குப் பின்னால் உடற்கோளாறு இருக்கும் வாய்ப்பு அதிகம். அதற்காகத் தூக்கத்தில் நின்றுவிட்டது என்பதாலேயே கவலையில்லை என்று முடிவுகட்ட முடியாது.

மருத்துவத்தில் 48 மணி நேரத்தைத் தாண்டிய விக்கலை நீடித்த விக்கல் என்றும், ஒரு மாதத்தைத் தாண்டியதைக் கட்டுக்கடங்காத விக்கல் என்றும் வகுக்கிறார்கள். வேறு எந்தத் தொல்லையும் இல்லாவிட்டாலும் 48 மணி நேரமானால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். நடுவில் ஒரு மணி, இரண்டு மணி நேரம் நின்று மறுபடி தொடங்கியிருந்தால், கணக்கைப் புதிதாகத் தொடங்காதீர்கள். பல குடும்பங்கள் ‘நேற்று மத்தியானம் நின்றுவிட்டதே’ என்று சொல்லி நான்கு நாளைக் கடத்திவிடுகின்றன.

சாப்பிடவோ நீர் அருந்தவோ முடியவில்லை, தொடர் வாந்தி, காய்ச்சல், எடை குறைந்துகொண்டே வருகிறது என்றால் 48 மணி நேரம் வரை கூடப் பொறுக்க வேண்டாம்.

புதிய மருந்தையும் மறக்கக் கூடாது. டெக்ஸாமெதசோன் என்னும் ஸ்டீராய்டு மருந்து, குறிப்பாகப் புற்றுநோய்ச் சிகிச்சையுடன் கொடுக்கப்படும்போது, ஓரிரு நாளில் விக்கலைக் கிளப்புவது நன்கு அறியப்பட்டது. ஆண்களிடமே இது அதிகம். அப்படிச் சந்தேகம் வந்தால் மருந்தை நீங்களாக நிறுத்தாமல், அதைக் கொடுத்த மருத்துவரைத் தொலைபேசியில் கேளுங்கள்.

8. சிறுநீரக நோயாளியின் விக்கல்: இதற்கு 48 மணி நேரம் கிடையாது

சிறுநீரகம் செயலிழந்தவருக்கு வரும் விடாத விக்கலுக்கு இரத்தத்தில் யூரியா உயர்வதோ சோடியம் குறைவதோ காரணமாக இருக்கலாம். இவற்றைவிட அவசரமானது ஒன்று உண்டு. அது பெலிம்பிங் என்று நாம் சொல்லும் நட்சத்திரப் பழம்.

நல்ல சிறுநீரகம் உள்ளவர் ஒரு பழத்தைச் சாப்பிட்டால் ஒன்றும் ஆவதில்லை. அதில் உள்ள கேரம்பாக்சின் என்னும் நச்சுப்பொருளைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடுகிறது. சிறுநீரகம் செயலிழந்தவருக்கு ஒரே ஒரு பழமோ, அரைக் குவளைச் சாறோ போதும். நச்சு இரத்தத்தில் தங்கி மூளையைத் தாக்குகிறது. சில மணி நேரத்தில் தோன்றும் முதல் அறிகுறி பெரும்பாலும் விடாத விக்கல். அதைத் தொடர்ந்து வாந்தி, கை கால் தளர்ச்சி, தூக்கமின்மை, குழப்பமான பேச்சு, பின்னர் வலிப்பு. கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து.

பட்டர்வொர்த்தில் வசிக்கும் அறுபது வயதைக் கடந்த ஒருவர், திங்கள், புதன், வெள்ளி என்று வாரம் மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்புக்கு வருபவர். சனிக்கிழமை மாலை பாசார் மாலாமில் பேரனுக்கு வாங்கிய பெலிம்பிங் சாற்றில் தாமும் பாதி குடித்திருக்கிறார். இரவு ஒன்பது மணிக்கு விக்கல் தொடங்கியது. ஞாயிறு முழுவதும் குளிர்ந்த நீர், சர்க்கரை, ஓமத் தண்ணீர் என்று மாறி மாறிக் கொடுத்திருக்கிறார்கள். இது வேறொரு கேடு, ஏனெனில் இவருக்கு ஒரு நாளில் குடிக்கக்கூடிய நீருக்கே அளவு உண்டு. அன்று மாலை அவருடைய மருமகள் தொலைபேசியில் அழைத்தார்.

“மாமாவுக்கு நேத்து ராத்திரியிலிருந்து விக்கல் நிக்கல சிஸ்டர். நாளைக்குத்தான் டயாலிசிஸ் இருக்கே, அதுவரைக்கும் பொறுக்கலாமா?”

என்ன சாப்பிட்டார் என்று கேட்டபோது சோறும் ரசமும் என்றார். என்ன பழம் சாப்பிட்டார், வெளியில் என்ன குடித்தார் என்று தனித்தனியாகக் கேட்டபின்தான் அந்தச் சாறு வெளியே வந்தது. சாப்பாடு என்றால் நம்மவர் கணக்கில் சோறுதான். சாறும் பழமும் அதில் சேர்வதில்லை. காலில் பலமில்லை, பேரனின் பெயரை மாற்றிச் சொல்கிறார் என்பதும் அடுத்தடுத்த கேள்விகளில் தெரிந்தது. உடனே அவசரப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுமாறும், கவுண்டரிலேயே ‘டயாலிசிஸ் நோயாளி, பெலிம்பிங் குடித்திருக்கிறார்’ என்று சொல்லுமாறும் கூறினோம். அன்றிரவே இரத்தச் சுத்திகரிப்பு தொடங்கி, அடுத்த நாளும் தொடர்ந்து செய்தார்கள். அதன் பிறகே விக்கல் அடங்கியது, பேச்சும் தெளிந்தது.

நச்சைக் காலம் தாழ்த்தாமல் இரத்தத்திலிருந்து நீக்குவதே இதற்குரிய சிகிச்சை. விக்கலை நிறுத்தும் மாத்திரை இங்கே பயன்படாது. மறுநாள் முறை வரை காத்திருந்தால், முதலில் வருவது வலிப்பாக இருக்கலாம்.

நீண்டகால நீரிழிவால் சிறுநீரகம் பாதியளவு பழுதடைந்து, இன்னும் இரத்தச் சுத்திகரிப்புக்கு வராதவர்களுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். பழக்கலவையிலும் ரோஜாக்கிலும் இந்தப் பழத்துண்டு கலந்திருக்கக்கூடும் என்பதால், வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

9. கிளினிக்கில் என்ன நடக்கும்

அவசர அறிகுறி இல்லாதவர் முதலில் அருகிலுள்ள கிளினிக் கெசிஹாத்தானுக்கோ வழக்கமான தனியார் கிளினிக்குக்கோ செல்லலாம். மலாயில் ‘செடு’ என்று சொல்லி, எத்தனை மணி நேரம் என்பதையும் முதல் வாக்கியத்திலேயே சேர்த்துச் சொல்லுங்கள். வெறும் விக்கல் என்றால் வரிசையில் பின்னால் தள்ளப்படுவது இயல்பு. எழுதிய தாளையும் மருந்துகள் உள்ள பையையும் அப்படியே மேசையில் வையுங்கள்.

மருத்துவர் காதுக்குள் பார்த்தால் வியக்க வேண்டாம்; செவிப்பறையைத் தொடும் ஒரு முடி கூட விக்கலைத் தூண்டலாம். கழுத்தையும் வயிற்றையும் தொட்டுப் பார்ப்பார். சர்க்கரை, சோடியம், கால்சியம், சிறுநீரகச் செயல்பாடு ஆகியவற்றுக்கு இரத்தச் சோதனை, இதய மின்வரைபடம், நெஞ்சு எக்ஸ்ரே ஆகியவை வழக்கமான தொடக்கம். அவற்றில் விடை கிடைக்காவிட்டால் உணவுக் குழாயையும் வயிற்றையும் குழாய்க் கேமராவால் பார்ப்பதும், மூளையை ஸ்கேன் செய்வதும் பின்னர் வரும்.

காரணம் தெரிந்தால் அதற்கே சிகிச்சை. தெரியாதபோது அமிலத்தைக் குறைக்கும் மருந்தைச் சில நாட்களுக்குக் கொடுத்துப் பார்ப்பார்கள். பலிக்காவிட்டால் பேக்லோபென், கபபென்டின், மெட்டோகுளோபிரமைடு, குளோர்புரோமசின் ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். இவற்றுள் பெரும்பாலானவை தூக்கத்தைக் கொண்டுவரும். குளோர்புரோமசின் இரத்த அழுத்தத்தையும் இறக்குவதால், எடுத்துக்கொண்டவர் படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் விழுந்துவிடக்கூடும். முதல் இரண்டு நாட்களாவது கழிப்பறைக்குச் செல்லும்போது யாரேனும் உடன் செல்லுங்கள், மோட்டார் சைக்கிளைத் தொட விடாதீர்கள். மருந்து தொடங்கிய நேரத்தையும் அதே தாளில் எழுதி, நிமிடத்திற்கு எத்தனை விக்கல் என்பதைக் காலையும் மாலையும் குறித்து, அடுத்த முறை செல்லும்போது எடுத்துச் செல்லுங்கள்.